ஒளியைப் பங்கு போடும் லென்ஸ்

கண்புரை அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே ஆலோசகரின் மேசைமேல் ஒரு விலைப்பட்டியல் வந்துவிடுகிறது. அடியில் சாதா லென்ஸ், அதற்கு மேல் மடிக்கும் லென்ஸ், அப்புறம் இறக்குமதி, உச்சியில் மல்டிஃபோகல். ரயிலில் ஸ்லீப்பர், ஏசி என்று வகுப்புப் பிரிப்பதைப் போல விலை ஏறிக்கொண்டே போகும். அம்மாவுக்குச் செலவழிக்கத் தயங்காத பிள்ளைகள் உச்சியைத் தொட்டு, "இதையே வெச்சிடுங்க" என்கிறார்கள். இந்தப் பட்டியலே நம்மைத் தவறான கேள்வியைக் கேட்க வைக்கிறது என்பது என் கட்சி. லென்ஸ்களுக்குள் இருப்பது ஒளியைச் செலவழிக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு. அதை மேல்வகுப்பு, கீழ்வகுப்பு என்று விலை காட்டிவிடுகிறது.

எந்த லென்ஸ் ஆனாலும் அறுவையின் போக்கு பெரும்பாலும் ஒன்றுதான். சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரிக்கிறார்கள், கண்ணை மரத்துப்போகச் செய்கிறார்கள். நோயாளி விழித்தே இருப்பார்; மேலே விளக்கின் வெளிச்சம் அசைவதும் தண்ணீர் வழிவதும் தெரியும். கருவிழியின் ஓரத்தில் 2 முதல் 3 மில்லிமீட்டரில் ஒரு சிறு வழி போடுகிறார்கள். நம் இயற்கை லென்ஸ் திராட்சைத் தோல் போன்ற மெல்லிய பைக்குள் இருக்கிறது. அந்தப் பையின் முன்சுவரில் 5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு வட்டத்தை உரித்தெடுத்து, உள்ளே நீரைச் செலுத்திப் புரையைத் தளர்த்துகிறார்கள். பிறகு அல்ட்ராசவுண்டால் அதிரும் ஊசி புரையை உடைத்து உறிஞ்சிவிடுகிறது. காலியான பைக்குள் சுருட்டிய செயற்கை லென்ஸைச் செலுத்தினால் அது மெல்ல விரிந்து உட்கார்ந்துகொள்ளும். தையல் பெரும்பாலும் தேவைப்படாது. சிக்கல் இல்லாவிட்டால் 15, 20 நிமிட வேலை.

முற்றிக் கெட்டிப்பட்ட புரைக்கு, மெஷின் இல்லாமல் 6, 7 மில்லிமீட்டர் சுரங்க வழி போட்டு முழுதாக வெளியே எடுக்கும் முறை இன்றும் நல்ல முறையே. மதுரை அரவிந்த் மருத்துவமனை அதை லட்சக்கணக்கானோருக்குச் செய்து காட்டியிருக்கிறது. அதன் துணை நிறுவனமான ஆரோலேப் 1992-இல் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் ஏழைக் கண்ணுக்கும் லென்ஸ் எட்டியது. ஆகவே ஒரே தூரத்துக்கான, விலை குறைந்த மோனோஃபோகல் லென்ஸை மட்டமென்று நினைக்க வேண்டியதில்லை.

தேர்வின் சிக்கல் அந்தப் பைக்குள் இருக்கிறது. இளமையில் லென்ஸ் வளைந்துகொடுத்துத் தூரத்தையும் கிட்டத்தையும் மாறி மாறிக் காட்டியது. நாற்பதுக்கு மேல் அது இறுகியதால்தான் வெள்ளெழுத்து வந்தது. செயற்கை லென்ஸும் வளையாது. மோனோஃபோகல் வரும் ஒளி முழுவதையும் ஒரே தூரத்துக்குக் கொடுக்கிறது. அங்கே பார்வை துல்லியம்; மற்றதற்குக் கண்ணாடி போட வேண்டும். மல்டிஃபோகலின் மேற்பரப்பில் மயிரிழை போன்ற வட்டப் படிகள் செதுக்கப்பட்டிருக்கும். அவை ஒளியைத் தூரம், கிட்டம் என்று பங்கு போடுகின்றன; மும்முனை லென்ஸில் இடைத்தூரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இருமுனை லென்ஸில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஒளி எந்த முனைக்கும் பயன்படாமலே போகிறது. எதைப் பார்த்தாலும் இன்னொரு தூரத்தின் மங்கல் பிம்பம் அதன்மேல் லேசாகப் படிந்தே இருக்கும்.

இதனால் கிடைக்கும் லாபம் உண்மையானது. மல்டிஃபோகல் வைத்தவர்களில் பலர் கண்ணாடியை அநேகமாக மறந்தே போகிறார்கள். நஷ்டமும் அவ்வளவு உண்மையானது. இரவில் எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரியும். அந்தி வெளிச்சத்தில் கோயில் கருங்கல் படியில் ஒரு படி எங்கே முடிகிறது என்று பிரித்தறிவது கடினமாகும். மூளை சில மாதங்களில் இதற்குப் பழகிக்கொள்ளும், எல்லோருக்கும் அல்ல. எழுத்துப் பலகையில் கடைசி வரியைப் படித்துவிடும் நோயாளி "பார்வை மெழுகுபூசின மாதிரி இருக்கு" என்றால் அது வீண் புகார் இல்லை. அந்தப் பலகை கறுப்பு எழுத்தைத்தான் சோதிக்கிறது, அந்திப் படியை அல்ல.

மல்டிஃபோகலுக்குப் பிசகைப் பொறுக்கும் குணமும் இல்லை. கண்ணின் நீளத்தை அளப்பதில் 1 மில்லிமீட்டர் தவறினால் பவர் இரண்டரை, மூன்று வரை மாறிவிடும். மோனோஃபோகலில் சிறு பிழை வந்தால் கண்ணாடியால் சரிசெய்துவிடலாம். கண்ணாடியே வேண்டாமென்று பணம் கட்டியவருக்கு அரை பவர் பிழையும் ஏமாற்றம். அறுவையில் பையின் பின்சுவர் கிழிந்தால் லென்ஸ் நட்டநடுவில் நிற்கும் உறுதி போய்விடும். அப்போது பெரும்பாலும் மல்டிஃபோகலைக் கைவிட்டு மோனோஃபோகல்தான் வைப்பார்கள். இந்த மாற்று ஏற்பாட்டையும், அப்படியானால் பணம் என்னவாகும் என்பதையும் கையெழுத்துப் போடும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சில மாதங்களிலோ வருடங்களிலோ பின்சுவர் மங்கினால் யாக் லேசரால் அதில் ஒரு திறப்பு போடுவது வழக்கம். ஆனால் ஆரம்பம் முதலே லென்ஸ் ஒத்துக்கொள்ளாதவருக்கு அவசரப்பட்டு லேசர் போட்டுவிட்டால், பிறகு அந்த லென்ஸை எடுத்து மாற்றுவது மிகக் கடினமாகிவிடும். கோளாறு சுவரிலா, லென்ஸிலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

ஓர் உதாரணம். திருச்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 64, இரண்டு கண்ணிலும் மைனஸ் 4 பவர் என்று வைத்துக்கொள்வோம். வாழ்நாள் முழுக்கத் தூரத்துக்குக் கண்ணாடி போட்டவர். படிக்க மட்டும் அதைக் கழற்றிவிட்டு, 25 சென்டிமீட்டரில் புத்தகத்தைப் பிடிப்பார். பதினைந்து வருடச் சர்க்கரை. ஓசிடி ஸ்கேனில் விழித்திரையின் நடுப்பகுதி லேசாக வீங்கியிருக்கிறது.

இவருக்கு மல்டிஃபோகல் வேண்டாம் என்பேன். நோயுற்ற விழித்திரைக்கு வரும் ஒளியில் ஒரு துளியையும் பங்கு போடக் கூடாது. முதலில் அந்த வீக்கத்துக்குச் சிகிச்சை, பிறகு மோனோஃபோகல். ஆனால் மோனோஃபோகல் என்று முடிவானதும் பேச்சு முடிந்துவிட்டதாக நினைப்பது பெரிய தவறு. எந்தத் தூரத்துக்கு என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வழக்கப்படி தூரத்துக்கே வைத்துவிடுவார்கள். தெருவின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரியும். வெறுங்கண்ணால் படித்துவந்தவருக்கோ முதன்முதலாகப் படிக்கக் கண்ணாடி தேவைப்படும். அறுவை கச்சிதமாக நடந்தும் "என் கண்ணைக் கெடுத்துட்டாங்க" என்பார். மைனஸ் இரண்டரையில் நிற்கும்படி லென்ஸைத் தேர்ந்தால் 40 சென்டிமீட்டரில் வெறுங்கண்ணால் படிப்பார். தூரத்துக்கு அவர் பழகிய கண்ணாடி, முன்னைவிட மெல்லியதாக. இந்தத் தேர்வுக்குப் பட்டியலில் தனி விலை கிடையாது. அதனால்தானோ என்னவோ, அது ஆலோசனையில் வருவதும் அரிது.

மல்டிஃபோகல் யாருக்கு? இரவில் வண்டி ஓட்டாத, விழித்திரையும் கருவிழியும் சுத்தமாக இருக்கிற, கண்ணில் வறட்சி இல்லாத, கண்ணாடியை உண்மையிலேயே வெறுக்கிற ஒருவருக்கு. அலமாரி, கம்ப்யூட்டர், பில் என்று நாளெல்லாம் பார்வையை மாற்றிக்கொண்டிருக்கும் ஜவுளிக்கடைக்காரர் நல்ல ஆள். விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம் என்று சொன்னதும் "இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லக்கூடியவராகவும் அவர் இருக்க வேண்டும்.

ஆசிரியைக்கு இன்னொரு கண் மிச்சமிருக்கிறது. முதல் கண்ணோடு ஒரு மாதம் சமைத்து, படித்து, கடைக்குப் போய்ப் பார்க்கட்டும். முகம் பார்த்துப் பேசும் தூரம் மட்டும் குறைகிறது என்றால், இரண்டாவது கண்ணை மைனஸ் ஒன்றேகாலில், அதாவது 80 சென்டிமீட்டருக்கு வைக்கச் சொல்லலாம். அந்த வித்தியாசத்தை மூளை பெரும்பாலும் சுலபமாக ஏற்றுக்கொள்ளும்.