சும்மா இருக்கத் தெரிந்த விளையாட்டுகள்

ஒரு கைப்பேசி விளையாட்டின் தரத்தைப் பார்க்க நான் முதலில் செய்வது, அதைத் தொடாமல் இருப்பது. ஆட்டத்தைத் திறந்து, ஒரு நகர்வு செய்துவிட்டு, விரலை எடுத்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் அப்படியே விட்டபின் கைப்பேசியின் முதுகில், கேமராவை ஒட்டிய மேல்பகுதியில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கைப்பேசிகளில் சிப் அந்தப் பக்கம்தான் இருக்கும். யாரும் ஆடாதபோதே அது சூடேறியிருந்தால், அந்த விளையாட்டுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை என்று பொருள். 2 ஜிபி ராமும் 16 ஜிபி இடமும் கொண்ட மலிவு ஆண்ட்ராய்டு வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல பரிசோதனை இல்லை.

சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வழக்கமான விளையாட்டு நொடிக்கு 60 முறை திரையை வரைகிறது. ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது சுமார் 16 மில்லிநொடி. அதற்குள் பின்னணி, பாத்திரங்கள், பொத்தான்கள் எல்லாவற்றையும் புதிதாக வரைந்து முடிக்க வேண்டும். நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தாலும், தேநீர் எடுக்கப் போயிருந்தாலும் வரைதல் நிற்காது. பத்து நிமிடத்தில் 36,000 படங்கள். கோலத்தில் ஒரு புள்ளி கலைந்ததற்காக வாசல் முழுவதையும் கழுவிவிட்டு மறுபடி போடுவது போன்ற வேலை இது. கணினிக்கு விசிறி உண்டு, கைப்பேசிக்குக் கிடையாது. சூடு ஓர் எல்லையைத் தாண்டியதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அப்போது படங்கள் தத்தித் தத்தி வரும், விரல் ஓரிடத்திலும் திரை வேறிடத்திலும் இருக்கும். ஓட்டப் பந்தயமோ துப்பாக்கிச் சண்டையோ என்றால் ஆட்டம் அங்கேயே கெட்டுவிடும்.

இதற்கு மாற்றாக இன்னொரு வழி உண்டு. ஏதாவது மாறினால் மட்டும் வரை, மாறாவிட்டால் வரையாதே. சொல்ல எளிது, ஆனால் ஒரு விளையாட்டை அடி முதல் நுனி வரை இப்படிக் கட்டுவதற்குத் தனிக் கட்டுப்பாடு வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டின் மிக அழகான எடுத்துக்காட்டு சைமன் டாதமின் புதிர்த் தொகுப்பு.

டாதம் பிரிட்டனைச் சேர்ந்த நிரலாளர். உலகெங்கும் சர்வர்களுக்குள் நுழையப் பயன்படும் 'புட்டி' என்ற மென்பொருளை எழுதியவரும் அவரே. 2004 முதல் அவர் சேர்த்துவரும் இந்தத் தொகுப்பில் இன்று நாற்பது அளவிலான புதிர்கள் உள்ளன. ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுவந்தவர் கிறிஸ் பாயில். ஸ்டோரில் Simon Tatham's Puzzles என்று தட்டினால் கிடைக்கும். காசு இல்லை, விளம்பரம் இல்லை, இணையம் தேவையில்லை. முழுத் தொகுப்பும் சில எம்பிதான். கைப்பேசியில் எடுத்த நான்கைந்து புகைப்படங்கள் பிடிக்கும் இடத்தில் நாற்பது விளையாட்டுகளும் அடங்கிவிடுகின்றன.

இவ்வளவு சிறியதாக இருப்பதற்கு முதற்காரணம், உள்ளே படங்கள் இல்லை. புதிர்கள் எல்லாம் கோடு, செவ்வகம், பலகோணம், வட்டம், எழுத்து என்ற சில அடிப்படை வடிவங்களால் வரையப்படுகின்றன. எந்தத் திரையில் திறந்தாலும் அந்தத் திரையின் அளவுக்கே கோடு போடப்படுவதால் மலிவான திரையிலும் விளிம்புகள் கூர்மையாகத் தெரியும். இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. தொகுப்பில் முன்கூட்டியே செய்து அடுக்கிய புதிர்கள் இல்லை. புதிர் செய்யும் நிரல்தான் இருக்கிறது. ஆயிரம் புதிர்களைச் சேமித்து வைக்க இடம் வேண்டும். புதிர் செய்யத் தெரிந்த நிரலுக்குச் சில கேபி போதும்.

பிரிட்ஜஸ் என்ற புதிரை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் நிகோலி இதழ் மூலம் பரவிய வகை இது. திரையில் எண்ணிட்ட வட்டங்கள், அவை தீவுகள். தீவுகளை நேர்க்கோட்டில், குறுக்காகவோ நெடுக்காகவோ பாலம் போட்டு இணைக்க வேண்டும். இரண்டு தீவுகளுக்கு இடையே அதிகபட்சம் இரண்டு பாலங்கள். பாலங்கள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது. ஒவ்வொரு தீவிலும் எழுதியிருக்கும் எண்ணிக்கையில் பாலங்கள் வந்து சேர வேண்டும். கடைசியில் எல்லாத் தீவுகளும் ஒரே நிலமாக இணைந்திருக்க வேண்டும்.

மூலையில் 4 இருந்தால் அதற்கு இரண்டே திசைதான், ஆகவே இரண்டு பக்கமும் இரட்டைப் பாலம் என்று யோசிக்காமல் போட்டுவிடலாம். மூலையில் 3 என்றால் எந்தப் பக்கம் இரட்டை என்று தெரியாது, ஆனால் இரண்டு பக்கமும் குறைந்தது ஒன்று உண்டு என்பது உறுதி. அந்த ஒற்றைப் பாலம் ஒரு சுவராகி, அதைக் குறுக்கே வெட்டவிருந்த வேறு வழிகளை அடைத்துவிடும். பெரிய ஆட்டத்தில் 1, 1 என்று இரண்டு தீவுகள் எதிரெதிரே நின்றால் அவற்றைச் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் அந்த இரண்டும் தனித்துப்போய் மற்ற தீவுகளோடு இணைய வழியில்லாமல் போகும். இந்த மூன்று சிந்தனைகளும் கையில் இருந்தால் எளிய நிலைப் புதிர்களில் பாதிக்கு மேல் நகர்ந்துவிடலாம். ஊகிக்க வேண்டிய இடம் வராது, ஏனென்றால் புதிரைச் செய்யும் நிரல் தானே அதைத் தீர்த்துப் பார்க்கிறது. விடை ஒன்றே ஒன்றுதான், அதுவும் நீங்கள் தேர்ந்த நிலைக்குரிய தர்க்கத்தாலேயே எட்டக்கூடியது என்று உறுதியான பிறகுதான் உங்களுக்குக் காட்டுகிறது.

மைன்ஸ் என்ற கண்ணிவெடி ஆட்டத்தில் இந்தக் கைவண்ணம் இன்னும் துலங்கும். பழைய கணினிகளில் ஆடியவர்களுக்கு அதன் கொடுமை தெரியும். எல்லாம் சரியாகத் தர்க்கித்துக் கடைசிக்கு வந்தால் இரண்டு கட்டங்கள் மிஞ்சும், எதில் வெடி என்று அறிய வழியே இருக்காது. டாதமின் நிரல் நீங்கள் முதல் கட்டத்தைத் தொட்ட பிறகுதான் வெடிகளை வைக்கிறது. வைத்துவிட்டு அங்கிருந்து தர்க்கத்தால் மட்டும் முடிக்க முடிகிறதா என்று தானே ஆடிப் பார்க்கிறது. எங்காவது சிக்கினால் அந்த இடத்து வெடிகளை நகர்த்திவைத்துத் தொடர்கிறது. தோற்றால் அது உங்கள் தவறுதான், அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட இடமில்லை. இந்த நேர்மைதான் எனக்கு இந்தத் தொகுப்பில் மிகவும் பிடித்தது.

ஒரு புதிரை நண்பருக்கு அனுப்ப வேண்டுமானால் படமோ கோப்போ தேவையில்லை. இப்படி ஒரு வரி போதும்:

```
7x7i30e10m2d0#2468
```

முதலில் கட்டத்தின் அளவு. m2 என்பது இரு தீவுகளுக்கு இடையே அதிகபட்சம் இரண்டு பாலம், d0 என்பது எளிய நிலை. # குறிக்குப் பின் வருவது நீங்கள் விரும்பிய எந்த எண்ணாகவும் இருக்கலாம். ஒரே பதிப்பை வைத்திருக்கும் இருவர் இதே வரியை பிரிட்ஜஸில் இட்டால் இருவர் திரையிலும் ஒரே புதிர் எழும். இட நெருக்கடிக்கு இதைவிடச் சிக்கனமான பதிலை நான் பார்த்ததில்லை.

இனி சூட்டுக்கு வருவோம். தொகுப்பின் ஒவ்வொரு புதிரும் 'திரையில் இப்போது என்ன வரைந்திருக்கிறது' என்று ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. நீங்கள் ஒரு பாலம் போட்டதும் புதிய நிலையை அந்தக் குறிப்போடு ஒப்பிட்டு, மாறிய கட்டங்களை மட்டும் திருத்துகிறது. ஒரு நகர்வில் அசைவு இருந்தால், அது முடியும் கணம்வரைதான் உள்ளிருக்கும் கடிகாரம் ஓடும், பிறகு நின்றுவிடும். ஒரு புதிரை நூறு தொடுதல்களில் முடிக்கிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் தாராளமாகப் பத்துப் படங்கள் என்று வைத்தாலும் மொத்தம் ஆயிரம். அதே பத்து நிமிடத்தில் ஓயாமல் வரையும் விளையாட்டு 36,000 வரைகிறது. கை உணரும் வேறுபாடு இதுதான். தவிர, சிப் வேகம் குறைந்தாலும் இங்கே கெடுவதற்கு எதுவும் இல்லை. உச்சி வெயிலில் பேருந்து ஜன்னலோரம் ஆடினாலும் தர்க்கம் தத்தாது.

இதற்கும் எல்லை உண்டு. மைன்ஸில் நேரம் காட்டும் எண் ஓடிக்கொண்டே இருக்கும், ஆகவே அது முழுச் சும்மா அல்ல. பெரிய கட்டத்தில் மிகக் கடினமான நிலையைக் கேட்டால், பொருத்தமான புதிர் கிடைக்கும்வரை நிரல் செய்து செய்து தள்ளிக்கொண்டிருக்கும். அந்த நேரம் சிப் முழுமூச்சாக உழைக்கும், கைப்பேசி சுடும். காத்திருப்பு நீண்டால் அளவை ஒரு படி குறையுங்கள். புதிர் வந்துவிட்ட பிறகு சூடு தானே அடங்கிவிடும்.

இதே கொள்கையைப் பெரிய ஆட்டத்திலும் பார்க்க விரும்புவோருக்கு அன்சிவ் இருக்கிறது. Unciv என்று தேடினால் கிடைக்கும் இந்த இலவச விளையாட்டு, 'சிவிலைசேஷன் 5' என்ற புகழ்பெற்ற கணினி விளையாட்டின் விதிகளை எளிய படங்களோடு கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. நகரம் கட்டி, உழுது, கற்று, போரிட்டு ஒரு நாகரிகத்தை வளர்க்கும் ஆட்டம், முறை வைத்து ஆடுவது. இதன் அமைப்புகளில் Continuous rendering என்று ஒரு தேர்வு உண்டு. அது அணைந்திருந்தால் சில அசைவுகள் நின்றுபோகும், பேட்டரியும் சூடும் மிச்சம். மலிவுக் கைப்பேசியில் அதை அணைத்தே வையுங்கள். ஆனால் ஆட்டம் வளர வளர ஒவ்வொரு முறையின் முடிவிலும் மற்ற நாடுகளின் நகர்வுகளை எல்லாம் அது கணக்கிட வேண்டும். பெரிய வரைபடமும் பல நாடுகளும் வைத்துத் தொடங்கினால் பிற்காலத்தில் 'அடுத்த முறை' பொத்தானுக்குப் பிறகு நெடுநேரம் காத்திருக்க நேரும். சிறிய வரைபடம், மூன்று நான்கு நாடுகள் என்று தொடங்கினால் கடைசிவரை சுகமாகப் போகும்.

புதிதாக எந்த விளையாட்டையும் நீங்களே சோதிக்க முடியும். கைப்பேசியின் அமைப்புகளில் Build number-ஐ ஏழுமுறை தட்டினால் Developer options திறக்கும். அதில் Show surface updates என்பதை இயக்கினால், திரை புதிதாக வரையப்படும் ஒவ்வொரு முறையும் நிறம் மின்னும். கையை எடுத்த பிறகும் மின்னிக்கொண்டே இருந்தால் அந்த விளையாட்டு ஓயாமல் வரைகிறது. மின்னல் வேகமாக இருக்கும் என்பதால் ஒளித்துடிப்பு ஒவ்வாதவர்கள் இதைத் தவிர்த்து, முதுகில் விரல் வைத்தே பார்க்கலாம். எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அறிய App info பக்கத்தில் App size, User data, Cache என்ற மூன்றையும் ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஸ்டோரில் சின்ன எண் காட்டிவிட்டு, திறந்தபின் மீதியை இறக்கிக்கொள்ளும் விளையாட்டுகள் அங்கே பிடிபடும். சோதனை முடிந்ததும் Show surface updates தேர்வை அணைத்துவிடுங்கள். சார்ஜ் ஏறும்போது ஆடாதீர்கள், பேட்டரியின் சூடும் சிப்பின் சூடும் சேர்ந்துகொள்ளும்.

மலிவுக் கைப்பேசிக்கு ஒரே ஒரு விளையாட்டைத்தான் சொல்லலாம் என்றால் டாதமின் தொகுப்பைத்தான் சொல்வேன். பிரிட்ஜஸில் 7x7 எளிய நிலையில் தொடங்குங்கள்.