புணேயில் 98 டிகிரி

புணே கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் 710 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டியே நிற்கும். அடுப்பில் தேநீருக்கு வைத்த தண்ணீர் 100 டிகிரியை எட்டுவதற்கு முன்பே தளதளக்கும். எவ்வளவு முன்பே என்பதை ஒரே வரியில் சொல்லிவிடும் சமன்பாட்டின் மேல் எனக்குத் தீராத பிரியம்:

ln(P₂/P₁) = −(ΔH/R)(1/T₂ − 1/T₁)

100 டிகிரியில் ஆவி அழுத்தம் 760 என்று தெரியும். ஆவியாதல் வெப்பம் மோலுக்கு 40,700 ஜூல்; அதை 8.314ஆல் வகுத்தால் 4,895. 98 டிகிரி என்பது 371.15 கெல்வின். தலைகீழ் வெப்பநிலைகளின் வித்தியாசம் 0.00001444. இரண்டையும் பெருக்கினால் 0.0707, மடக்கையை அவிழ்த்தால் 708 மில்லிமீட்டர். அட்டவணை சொல்வது 707! புணேத் தண்ணீர் 98 டிகிரியைச் சற்றே தாண்டிக் கொதிக்கிறது.

கெல்வினை மறந்து செல்சியஸையே போட்டால் விடை 280 என்று வரும். இரண்டே டிகிரிக்கு அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்காது. பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

அதே 40,700 ஜூலோடு, கெல்வினிலேயே, 30 டிகிரிவரை இறங்கினால் 37 கிடைக்கும், உண்மையில் அது 32தான். ஆவியாதல் வெப்பம் மாறாது என்று வைத்துக்கொண்டு தொகையிட்டோம். ஆனால் 30 டிகிரியில் அது 43,800 ஜூல். இரண்டின் சராசரியைப் போட்டுப் பாருங்கள், விடை 33க்கு வந்துவிடும்.