மீட்டர் காட்டிய சுவர்

பிளம்பரின் திறமையை, அவர் எதை முதலில் விலக்குகிறார் என்பதில் பார்க்கலாம். குழாய்களையெல்லாம் மூடிய பிறகும் மீட்டரின் சிறு சக்கரம் மெல்லச் சுற்றுகிறது. அவர் சுத்தியலை எடுக்கவில்லை. ஃபிளஷ் டேங்க் வால்வை அடைக்கிறார், சக்கரம் நிற்கவில்லை. கீசருக்குப் போகும் வால்வை அடைத்ததும் நின்றுவிடுகிறது. ஆக, கசிவு வெந்நீர் லைனில்.

ஈரம் தெரிகிற இடத்தையே உடைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. நீர் குழாயைப் பற்றிக்கொண்டே இறங்கி, வேறிடத்தில் பூச்சை நனைக்கும். அதனால் வால்வைத் திரும்பத் திறந்து, ஈரத்துக்கு மேலே எல்போ இருக்கும் இடத்தில் ஸ்குரூடிரைவர் நுனியை ஊன்றி, பிடியில் காதை வைக்கிறார். சீறல் அங்கேதான் பலமாகக் கேட்கிறது. உடைவது ஒரே டைல். மீட்டர் தண்ணீர் சம்ப்பில் விழும் வீடுகளில் மட்டும் இந்த மீட்டர் சோதனை மாடிக் குழாய்களைக் காட்டாது.