ஒன்றரைக் கட்டை குருவும் ஐந்தரைக் கட்டை சிஷ்யையும்

வராளி ராகத்தை குரு நேராக உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றொரு நம்பிக்கை சங்கீத வீடுகளில் இன்னும் இருக்கிறது. சொல்லிக்கொடுத்தால் இருவருக்கும் மனக்கசப்பு வந்துவிடுமாம். ஆனால் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனைக்குப் போய் உட்கார வேண்டுமென்றால் வராளி தெரியாமல் முடியாது. நாட்டை, கௌளை, ஆரபி முடிந்ததும் நான்காவது பஞ்சரத்தினக் கீர்த்தனை வராளியில்தான். அதனால் அதை மட்டும் காதால் கேட்டே பிடித்துக்கொள்வார்கள். குரு வேறு யாருக்கோ பாடுவதுபோல் பாடுவார், சிஷ்யர் தூணோரம் நின்று கேட்பார். இப்போது தூணோரத்தில் கைபேசி நிற்கிறது.

தஞ்சாவூரில் எனக்குத் தெரிந்த பாட்டு டீச்சர் ஒருவரிடம் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி கற்கிறாள். ஒரு மார்கழி மாலையில் அவள் வராளியைப் பாடிக் காட்டினாள். சாகித்யம் பிசகவில்லை, சங்கதிகளும் வரிசையாக விழுந்தன. ஆனால் குரல் அவளுடையதாக இல்லை. மூக்கில் ஏறி, தொண்டையை இறுக்கி, ஏழு வயதுக் குழந்தை மாதிரி ஒலித்தது. சங்கீதக்காரர்கள் கள்ளக்குரல் என்பார்களே, அதுதான்.

"கண்ணு, இது யாரோட குரல்?" என்றார் டீச்சர்.

"செல்போன்ல கேட்டு எடுத்தேன் டீச்சர். அவர் ஒன்றரைக் கட்டையில பாடியிருக்கார். எனக்கு ஐந்தரைதானே, அதான் ஏழு ஏத்தி வச்சுக் கேட்டேன்."

இந்த 'ஏழு ஏத்தி' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் பாடிய பதிவின் சுருதியை மென்பொருளால் உயர்த்தியோ தாழ்த்தியோ நம் குரலுக்குப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் டெல்டா ஊர்களில் பாட்டு கற்கும் பிள்ளைகளிடம் சாதாரணமாகிவிட்டது. ஒதுக்கித் தள்ள வேண்டிய வழக்கமில்லை என்பது என் கட்சி. ஆனால் ஏழு என்பது அதிகம். ஏன் அதிகம் என்பதைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலில் கணக்கு. ஆர்மோனியத்தில் வெள்ளை, கறுப்பு என்று பாராமல் அடுத்தடுத்த கட்டைக்கு நகர்ந்தால் அது ஒரு செமிடோன். ஒன்றரைக் கட்டையிலிருந்து ஐந்தரைக் கட்டைக்கு ஏழு செமிடோன். கட்டை எண்களைக் கழித்து இரண்டால் பெருக்கினால் எட்டு வரும், ஆனால் அது தப்பு. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது, அங்கே ஒரே ஒரு செமிடோன்தான். எட்டு ஏற்றிவிட்டு, தம்புராவோடு ஏன் சேரவில்லை என்று குழம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் ஆர்மோனியத்தில் விரல் வைத்து எண்ணியதால் தப்பித்தாள்.

ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆணின் ஆதார ஸட்ஜம் வினாடிக்குச் சுமார் 139 அதிர்வு. ஐந்தரைக் கட்டைப் பெண்ணுக்கு அது 208. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. மென்பொருள் செய்வது இவ்வளவுதான்: பதிவில் உள்ள எல்லா அதிர்வையும் அந்த ஒரே எண்ணால் பெருக்குகிறது. இதில்தான் இந்த முறையின் உண்மையான பலம் இருக்கிறது. நம் சங்கீதத்தில் சுரம் என்பது ஸட்ஜத்தோடு அதற்குள்ள விகிதம். எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கினால் விகிதம் மாறாது. வராளியின் பிரதி மத்யமம் சாதாரணமாக நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது, பஞ்சமத்தை உரசுகிற அளவு மேலே ஏறி நிற்கும். வித்வான் அதை எவ்வளவு ஏற்றிப் பிடித்தாரோ, சுருதி மாற்றிய பதிவிலும் அது அதே இடத்தில் இருக்கும். சுத்த காந்தாரத்தின் அசைவும் அப்படியே. தம்புரா, வயலின் எல்லாம் கூடவே நகர்வதால் சுருதி கலையாது.

சில செயலிகளில் இதன் பக்கத்திலேயே சுரத்தைத் 'திருத்தும்' வசதியும் இருக்கும். அதைத் தொட்டால் கதை முடிந்தது. அது ஒவ்வொரு சுரத்தையும் பக்கத்து ஆர்மோனியக் கட்டைக்கு இழுத்துவிடும். இரண்டு கட்டைக்கும் நடுவில் வாழ்கிற வராளி மத்யமத்தை ஒன்று கீழே தள்ளும், அல்லது பஞ்சமமாகவே ஆக்கிவிடும். சுருதி மாற்றம் வேறு, சுரத் திருத்தம் வேறு.

சரி, விகிதம் கெடவில்லை என்றால் அந்தப் பெண்ணின் குரல் ஏன் கெட்டது? இதற்குப் பதில் நரசிங்கம்பேட்டையில் இருக்கிறது. அங்கே கடையப்படும் நாதஸ்வரத்தில் குட்டையான திமிரிக்குச் சுருதி அதிகம், நீளமான பாரிக்குச் சுருதி குறைவு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை திமிரியை விட்டுத் தணிந்த சுருதிக்கு வந்தபோது திமிரியையே மெதுவாக ஊதவில்லை, நீளமான வாத்தியத்தைக் கையில் எடுத்தார். குழலின் நீளம் மாறினால் சுருதியோடு நாதத்தின் குணமும் மாறும். மனிதத் தொண்டையும் ஒரு குழல்தான். குரல்வளையிலிருந்து உதடு வரை ஆணுக்கு ஏறத்தாழ 17 செ.மீ., பெண்ணுக்கு பதினான்கு, பதினான்கரை. அந்த நீளம்தான் 'ஆ' எப்படி ஒலிக்க வேண்டும், 'ஈ' எப்படி ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. ஒலிப்பதிவாளர்கள் இதை ஃபார்மன்ட் என்கிறார்கள்.

நாடாவை வேகமாக ஓட்டுவதுபோல் எளிய முறையில் ஏழு ஏற்றினால் ஃபார்மன்ட்டும் ஒன்றரை மடங்கு ஏறுகிறது. அதாவது 17 செ.மீ. தொண்டை பதினொன்றேகால் செ.மீ. ஆகிவிடுகிறது. அது பெண்ணின் தொண்டை அல்ல, சிறு குழந்தையின் தொண்டை. பிள்ளைகள் கேட்பதை அப்படியே பிடிப்பார்கள். அந்தப் பெண் சங்கதியைப் பிடித்ததோடு இல்லாத அந்தத் தொண்டையையும் பிடித்துக்கொண்டாள்.

கவனித்தால் இதில் ஒரு பொருத்தமின்மை தெரியும். ஆணின் தொண்டைக்கும் பெண்ணின் தொண்டைக்கும் நீள வித்தியாசம் மூன்று செமிடோன் அளவுதான். அவர்கள் பாடும் சுருதிக்கு இடையில் ஆறு, ஏழு செமிடோன் இருக்கிறது. இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்குகிற எந்த முறையும் ஆணைப் பெண்ணாக்காது. மூன்று செமிடோன் வரைக்கும் காது மன்னித்துவிடுகிறது. அதற்குள் நகர்ந்த குரல், நடமாடும் மனிதர் யாருக்காவது இருக்கக்கூடிய குரலாகவே ஒலிக்கும். அதைத் தாண்டினால்தான் பொம்மை பேசுவதுபோல் ஆகிறது.

நல்ல மென்பொருள்களில் ஃபார்மன்ட்டை நகர்த்தாமல் சுருதியை மட்டும் மாற்றும் வசதி உண்டு. அது கள்ளக்குரலைப் பெரும்பாலும் தடுக்கும். ஆனால் தனிக்குரல் பதிவில்தான் அது ஒழுங்காக வேலை செய்கிறது. கச்சேரிப் பதிவில் குரல், வயலின், மிருதங்கம், தம்புரா எல்லாம் ஒரே குழம்பாக இருக்கும்போது எது குரலின் ஃபார்மன்ட், எது வயலின் பெட்டியின் ஒலி என்று மென்பொருளுக்குத் தெரியாது. காலப்பிரமாணம் மாறாமல் இருக்க ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்ட வேண்டியும் இருக்கிறது. அந்த ஒட்டு முதலில் தெரிவது மிருதங்கத்தில்தான். சாப்பு விழும் கூர்மை போய், அடிக்கு முன்னாலேயே ஒரு நிழல் கேட்கும். தொப்பி தளர்ந்தோ விறைத்தோ போகும். மிருதங்கக்காரர்கள் தணிந்த சுருதிக்கும் உயர்ந்த சுருதிக்கும் தனித்தனி வாத்தியம் வைத்திருப்பது சும்மாவா? தம்புராவின் ஜீவா தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் சுழலும். பதிவு எவ்வளவு சேதமாயிருக்கிறது என்று அறியக் குரலைக் கேட்காதீர்கள், அது ஏமாற்றும். சாப்பையும் தம்புராவையும் கேளுங்கள்.

ஒரு சின்ன உபாயம் உண்டு. ஏழு ஏற்றுவதற்குப் பதில் ஐந்து இறக்கலாம். ஒன்றரையிலிருந்து ஐந்து இறக்கினாலும் ஐந்தரைதான் வரும், ஒரு ஸ்தாயி கீழே. நம் காது ஸ்தாயியை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை, பெண் மேலே பாடினால் அதுவும் சேரும். நகர்த்தும் தூரம் குறைகிறது. ஆனால் வித்வான் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவார், மந்திர ஸ்தாயியில் சாகித்யமே புரியாது. இதைவிட, ஆறு கட்டையில் ஒரு பெண் பாடிய பதிவைத் தேடி ஒரே செமிடோன் இறக்குவது எவ்வளவோ மேல்.

பழைய இசைத்தட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 78 சுற்றில் ஓட வேண்டிய தட்டு 80 சுற்றில் ஓடி நகலெடுக்கப்பட்டிருந்தால் சுருதி கிட்டத்தட்ட அரை செமிடோன் ஏறியிருக்கும். முழு எண்ணில் எவ்வளவு நகர்த்தினாலும் உங்கள் சுருதிப்பெட்டியோடு அது சேராது. செமிடோனை நூறு பங்காக்கி நகர்த்தும் நுண் அளவு இருந்தால்தான் முடியும். பெட்டியையும் பதிவையும் ஒன்றாக ஓடவிட்டு, இரண்டுக்கும் நடுவே கேட்கும் 'வவ்வவ்' அலை அடங்கும்வரை நகர்த்த வேண்டும்.

இவையெல்லாம் ஒலியின் குறைகள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. திருவையாற்றில் ஆண்களும் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடுகிறார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போராடிப் பெற்றுத் தந்த இடம் அது. அங்கே சுருதி ஒன்றுதான், எவருடைய தொண்டைக்காகவும் அது நகராது. வீட்டில் எப்போதும் தன் சுருதிக்கே பதிவை இழுத்துவைத்துப் பாடிப் பழகிய பெண்ணுக்கு, பந்தலில் முதல் அடி எடுக்கும்போதே ஸட்ஜம் எங்கே என்று தெரியாமல் போகும். குருவின் சுருதியில் கேட்டதைத் தன் சுருதியில் திருப்பிப் பாடுவது ஒரு பயிற்சி. ஒன்றரையில் கேட்ட வராளி மத்யமத்தை ஐந்தரையில் பிடிக்கிற காதுக்குத்தான் அந்த மத்யமம் எவ்வளவு உயரம் என்று உண்மையில் தெரிந்திருக்கும். மென்பொருள் அந்த வேலையைத் தானே செய்து கொடுத்துவிடுகிறது. கீர்த்தனை மனத்தில் ஏறும் முதல் பதினைந்து நாளுக்கு அது உதவிதான். அதற்குப் பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் காது வளராது.

அந்த டீச்சர் என்ன செய்தார் என்றால், பெண்ணிடமிருந்து கைபேசியைப் பிடுங்கவில்லை. பதிவைப் பழையபடி ஒன்றரைக்கே இறக்கச் சொன்னார். பல்லவியைக் கேட்கச் சொல்லி, நிறுத்தி, சுருதிப்பெட்டியை ஐந்தரையில் வைத்து, "இப்ப உன் தொண்டையில பாடு" என்றார். முதல் நாள் மத்யமம் நழுவிக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் நின்றது. நம்பிக்கையை மீறாமல், தான் ஒரு வரிகூடப் பாடிக் காட்டவில்லை.

பாட்டு சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்களுக்குப் பதிவு அனுப்பும்போது கோப்பின் பெயரிலேயே பாடியவரின் சுருதி எத்தனை கட்டை, நீங்கள் எத்தனை செமிடோன் நகர்த்தினீர்கள் என்று எழுதிவிடுங்கள். ஏற்கெனவே மூன்று ஏறிய பதிவை அறியாமல் இன்னொரு பிள்ளை மேலும் நான்கு ஏற்றாமல் இருக்கும்.