காதுக்கு எழுதும் செய்தி

பத்திரிகைக்கு எழுதிய செய்தியை மைக்கின் முன்னால் வைத்து உரக்க வாசித்துவிட்டால் அது வானொலிச் செய்தியாகிவிடும் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. ஆகாது. பத்திரிகையில் ஒரு வரி புரியாவிட்டால் கண் மேலே திரும்பிப் போகிறது. காதுக்கு அந்த வசதி கிடையாது. தவறிய சொல்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கையில் அடுத்த செய்தியும் தவறிவிடுகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். வைகை அணையில் 71 அடி வரை நீர் தேக்கலாம். நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை போகிறது. 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை. அந்த மூன்றாவது எச்சரிக்கை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செய்தி இப்படி வாசிக்கப்படலாம்:

"மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் கடந்த மூன்று நாட்களாகப் பெய்துவரும் கனமழை காரணமாக நீர்வரத்து அதிகரித்து, வைகை அணையின் நீர்மட்டம் 69 அடியை எட்டியதைத் தொடர்ந்து, உபரி நீர் வெளியேற்றப்பட உள்ளதால், தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் கரையோரம் வசிக்கும் பொதுமக்கள் ஆற்றில் இறங்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மதுரையில் துணி மூட்டையுடன் ஆற்றுக்குப் புறப்படுகிறவளை நினைத்துப் பாருங்கள். மலை, மழை, அடிக்கணக்கு, ஐந்து மாவட்டங்கள் எல்லாவற்றையும் தாண்டித்தான் அவளுக்கு வேண்டிய சொல் வருகிறது. அதற்குள் அவள் தெருமுனைக்குப் போயிருப்பாள்.

இங்கிலீஷில் எழுவாயையும் வினையையும் முதலில் சொல்லிவிட்டு, மற்றவற்றைப் பின்னால் தொங்கவிடலாம். அந்த வாக்கியத்தைத் தமிழாக்கும்போது தொங்கியதெல்லாம் முன்னால் வந்து வழியை அடைத்துக்கொள்கிறது. நம் வினைச்சொல்லின் இடம் கடைசியல்லவா? ஆகவே தமிழில் 'முக்கியமானது முதலில்' என்றால் அதற்கு அர்த்தம், முதல் வாக்கியம் குறுகியதாக இருந்து அதன் வினை சீக்கிரம் வரவேண்டும் என்பதுதான்.

"வைகை ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம் என்று அணை அதிகாரிகள் எச்சரித்திருக்கிறார்கள். அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப் போகிறார்கள். தேனி முதல் ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களில் கரையோரம் இருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. அணையின் நீர்மட்டம் இன்று காலை 69 அடி. மலையில் மூன்று நாளாகப் பலத்த மழை."

நடந்த வரிசை இதில் தலைகீழாகிவிட்டது. மழையில் தொடங்கிய சம்பவம், மழையில் முடிகிறது. முடிவைக் கடைசிவரை மறைத்து வைத்துப் பழகிய கதாசிரியர்களுக்கு இது வேதனைதான். ஆனால் நேரம் போதவில்லையென்றால் மழையை விட்டுவிடலாம்; பிறகு நீர்மட்டத்தையும் விட்டுவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. பழைய வாக்கியத்தில் அப்படி வெட்ட இடமே இல்லை.

பேச்சு நடை என்றதும் கொச்சையாக எழுதுவதா என்று சிலர் பயப்படுகிறார்கள். "திறந்துட்டாங்க" என்று மதுரையில் சொல்வதை நாகர்கோவிலில் வேறு விதமாகச் சொல்வார்கள். எல்லோருக்கும் பொதுவான விகுதிகள் எழுத்துத் தமிழில்தான் இருக்கின்றன, அவை இருக்கட்டும். பேச்சிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வாக்கியத்தின் அளவையும், வேலையைச் செய்கிற ஆளையும்தான். "வெளியேற்றப்பட உள்ளது" என்பதில் ஆளே இல்லை. "திறந்துவிடப் போகிறார்கள்" என்பதில் ஆள் இருக்கிறார். எழுதியதை ஒரு தடவை உரக்க வாசித்துப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் அது இரண்டு வாக்கியம்.

ஓர் எச்சரிக்கை. ஒருவருடைய வாதத்தைச் சொல்லும்போது ஆளைத்தான் முதலில் சொல்ல வேண்டும். "அரிசிக்குத் தட்டுப்பாடே இல்லை" என்று ஆரம்பித்து, இருபது சொல் கழித்து "என்று மந்திரி கூறினார்" என்றால், அதுவரை அது வானொலியின் தீர்ப்பாகவே காதில் விழுகிறது.

எது முக்கியம் என்று தீர்மானிப்பதுதான் கடைசிவரை கஷ்டமான வேலை. 1948 ஜனவரி 30 அன்று மாலை காந்திஜி சுடப்பட்ட செய்தியை அகில இந்திய வானொலி ஆறு மணிக்கு அறிவித்தது. முதல் வாக்கியம் கொலையைச் சொன்னது. அடுத்த வாக்கியமே, கொன்றவன் ஒரு ஹிந்து என்றது. பிரிவினையின் ரத்தம் காயாத நாட்கள் அவை. கொலையாளியின் மதத்தைச் செய்தியின் வாலில் வைத்திருந்தால், அது வந்து சேர்வதற்குள் ஊர்கள் தாமாகவே ஒரு பதிலை ஊகித்துக்கொண்டு தெருவில் இறங்கியிருக்கக்கூடும். அங்கே வாக்கியங்களின் வரிசையில் மனித உயிர்கள் இருந்தன.