ஒரு மணித் துண்டு

கோணப் பாடத்தின் முதல் நாளே கோணமானியைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடும் வகுப்பு எனக்குப் பிடிப்பதில்லை. அதில் 0 முதல் 180 வரை இரண்டு வரிசை எண்கள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஓடுகின்றன. எந்த வரிசையைப் படிப்பது என்ற குழப்பத்தில், கோணம் ஒரு திருப்பம் என்பதே பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடுகிறது. நான் பார்த்து ரசித்த ஐந்தாம் வகுப்பு ஒன்றில் கோணமானி கண்ணிலேயே படவில்லை. அந்த டீச்சரின் மேசையில் இருந்தவை சதுரமாக வெட்டிய பழைய நோட்டுத் தாள்களும் சுவரிலிருந்து கழற்றி வைத்த ஒரு கடிகாரமும்தான்.

அவர் சொல்லித்தந்த மடிப்பு இது. சதுரத்தை நெடுக்காக இரண்டாக மடித்து விரித்தால் நடுவே ஒரு கோடு விழும். கீழ் இடது மூலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் வலது மூலையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின் மேல் உட்காரவைத்து, அழுத்திய மூலையிலிருந்து மடிப்பை நீவ வேண்டும். பிறகு இடப்பக்கம் மிஞ்சி நிற்கும் தாளை அதன் மேல் புரட்டி மடித்தால், மூலை மூன்று சம பங்காகிவிடும். ஒவ்வொரு பங்கும் 30 பாகை. நடுக்கோட்டில் உட்கார்ந்த புள்ளியையும் கீழ் இரு மூலைகளையும் சேர்த்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம் கிடைக்கிறது. அதன் 60 பாகையை மடிப்பு பாதியாக்குகிறது. சமபக்க முக்கோணத்துக்கான இந்த மடிப்பை டி. சுந்தர ராவ் 1893-ல் சென்னையில் வெளியிட்ட தாள் மடிப்பு வடிவியல் நூலிலேயே விளக்கியிருக்கிறார்.

மடிப்பு சரியா என்பதைத் தாளே சொல்லிவிடும். கடைசியாகப் புரட்டிய விளிம்பு, மூலையிலிருந்து நீவிய மடிப்பின் மேல் ஒட்டி விழ வேண்டும். ஒரு நூல் துருத்தினாலும் எங்கோ பிசகியிருக்கிறது. பெரும்பாலும் பிடித்த மூலை நழுவியிருக்கும், அல்லது தாள் சரியான சதுரமாக இருந்திருக்காது. தடித்த அட்டையில் இந்த வேலை நடக்காது. மூன்று அடுக்கு சேரும்போது மடிப்பே பருத்து அளவைத் தின்றுவிடும்.

கையில் வந்த கூர்த்துண்டின் நுனியைக் கடிகாரத்தின் மையத்தில் வைத்தால், ஒரு விளிம்பு 12-லும் மறு விளிம்பு 1-லும் நிற்கிறது. "மிஸ், இது ஒரு மணித் துண்டு!" என்று ஒரு பையன் கத்தினான். அந்தப் பெயர் வகுப்பில் நிலைத்துவிட்டது. கைக்கடிகாரத்திலும் அதே துண்டு பொருந்தியதும், முள் நீளமானால் கோணம் பெரிது என்று பிடிவாதமாக இருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அடுத்தது வகுப்பறைக் கதவு. கீலிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒரு சாக்பீஸ், 80 செ.மீ. தள்ளி இன்னொன்று, இரண்டையும் கதவின் அடி விளிம்போடு பிடித்துக்கொண்டு, கதவை ஒரு துண்டு அளவுக்குத் திறந்தார்கள். தரையில் விழுந்த வளைவுகளில் ஒன்று 10 செ.மீ. சுமாருக்கு, மற்றது 42. நான்கு மடங்கு வித்தியாசம், ஆனால் திரும்பியது ஒரே கதவு. இந்த இடத்தில் டீச்சர் காட்டிய கவனம் எனக்கு மிகவும் பிடித்தது. துண்டின் நுனியைக் கதவின் மூலையில் வைக்க வந்த சிறுமியின் கையை நகர்த்தி, கீலின் ஆணிக்கு நேர் கீழே வைக்கச் சொன்னார். கதவு சுற்றுவது ஆணியைப் பிடித்துக்கொண்டுதான். அந்த ஆணி மரத்தைவிட்டு வெளியே தள்ளி நிற்கிறது. நுனியை மூலையில் வைத்தால் துண்டும் கதவும் ஒத்துப்போகாது.

கடைசியாகக் கடிகாரத்தை 3.30-க்குத் திருகினார். "செங்கோணம்" என்று வகுப்பே சொன்னது. நிஜக் கடிகாரம் வேண்டும் என்று அவர் விரும்பியது இதற்காகத்தான். அட்டையில் வெட்டிச் செய்யும் கடிகாரத்தில் இரண்டு முள்ளும் தனித்தனியாகத் திரும்பும். சின்ன முள்ளைப் பிள்ளைகள் 3-லேயே விட்டுவிடுவார்கள், தவறும் சரியாகவே தெரியும். நிஜக் கடிகாரத்தில் பல்சக்கரம் அதை 3-க்கும் 4-க்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. ஒரு பெண் மடிக்காத தாளின் மூலையை மையத்தில் வைத்துப் பார்த்தாள். பெரிய முள்ளோடு ஒரு விளிம்பைச் சேர்த்தால் மறு விளிம்பு சின்ன முள்ளைத் தாண்டி 3-க்கே போனது. இரண்டு மணித் துண்டுகளை அடுத்தடுத்து வைத்தாள், இடம் மிஞ்சியது. மூன்றாவதை வைத்தாள், முட்டியது. கொஞ்ச நேரம் துண்டையே பார்த்திருந்துவிட்டு, அதை நுனியிலிருந்து பாதியாக மடித்து மிச்சத்தில் செருகினாள்.

"ரெண்டரை, மிஸ்" என்றாள். கரும்பலகையில் 75 என்று எழுதியதும் அவள்தான்.