தட்டும் கோலும் கணக்குப் பட்டியலும்

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ நாவலில் உரையாடலுக்கு மேற்கோள் குறிகள் கிடையாது. பேச்சு தொடங்கும் இடத்தில் ஒரு கோடு இருக்கும். முடியும் இடத்தைக் காட்ட எதுவும் இராது. கதைசொல்லியின் வாக்கியமாகத் தொடங்கியது இரண்டு வரி கழித்து நாயகன் லியோபோல்ட் புளூமின் நினைப்பாகியிருக்கும். இது யார் குரல் என்பதை அச்சில் படிப்பவர்தான் வரிக்கு வரி முடிவுசெய்ய வேண்டும். 2004இல் நாக்ஸோஸ் வெளியிட்ட, 27 மணி நேரத்துக்கும் மேல் ஓடும் முழு ஒலிப்புத்தகத்தில் அந்த முடிவுகளை டப்ளினில் பிறந்த நடிகர் ஜிம் நார்ட்டன் எடுத்துவிடுகிறார். புளூம் நினைக்கும்போது ஒரு தொனி, பேசும்போது வேறு தொனி. முதல்முறை வருபவருக்கு இது பெரிய உதவி. ஆனால் யார் குரல் என்று தெரியாமல் தத்தளிப்பதும் இந்த நாவலின் சுவைகளில் ஒன்று. அது கேட்பவருக்குக் கிடைப்பதில்லை.

எங்கே காது வெல்கிறது என்று கேட்டால், தயங்காமல் 11ஆம் அத்தியாயத்தைச் சொல்வேன். ‘சைரன்ஸ்’ என்று வாசகர்கள் அழைக்கும் அந்த அத்தியாயம், ஆர்மண்ட் ஹோட்டலின் மதுக்கூடத்தில் நடக்கிறது. தொடக்கத்தில் பொருள் பிடிபடாத துண்டு வரிகள் ஒன்றிரண்டு பக்கங்களுக்கு வருகின்றன. அத்தனையும் பின்னால் வரப்போகும் வரிகளின் சிதறல்கள். அச்சில் படிக்கும்போது ‘இதை எங்கோ பார்த்தோமே’ என்று பக்கங்களைப் பின்னே புரட்டித் தேடுவோம். காதில் அந்தத் தேடல் வேண்டியதில்லை. முன்பு கேட்ட அதே குரல் அதே சொற்களோடு திரும்பும்போது, ராகம் தெரியாதவருக்கும் பல்லவி திரும்புவது தெரிவதுபோல், தானாகவே பிடிபடுகிறது.

அதே அத்தியாயத்தில் பார்வையற்ற பியானோ ட்யூனர் ஒருவர், தான் மறந்துவிட்டுப் போன சுருதிக் கவையை எடுக்க ஹோட்டலுக்குத் திரும்பி வருகிறார். அவருடைய கைத்தடி தரையில் தட்டும் ஓசை தனித்தனி வரிகளாக அச்சாகியிருக்கிறது. முதலில் ஒரு தட்டு, பிறகு இரண்டு, போகப்போக இன்னும் அதிகம். உள்ளே பென் டாலர்டின் பாட்டு நடக்கிறது; வெளியே கோல் நெருங்கி வருகிறது. கண் அந்தக் குட்டி வரிகளை அலங்காரம்போல் தாண்டிப் போய்விடும். காதால் தாண்ட முடியாது. பாட்டின் நடுவே குறுக்கிடும் ஒவ்வொரு தட்டுக்கும் அதற்குரிய நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஓட்டத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்பவர் இந்த இடத்தையே கெடுத்துக்கொள்கிறார்.

17ஆம் அத்தியாயமான ‘இத்தாக்கா’வில் நிலைமை தலைகீழ். அது முழுக்கக் கேள்வியும் பதிலும். நடுவில், 1904 ஜூன் 16 அன்று புளூம் செய்த வரவுசெலவு ஒரு கணக்கேட்டுப் பக்கமாகவே அச்சாகியிருக்கிறது. காலையில் வாங்கிய பன்றிச் சிறுநீரகத்துக்கு மூன்று பென்ஸ், இறந்துபோன டிக்னம் குடும்பத்துக்கு ஐந்து ஷில்லிங் என்று செலவு ஒரு பக்கம். கையிருப்பும் கமிஷனும் மறுபக்கம். இரண்டு பக்கமும் 2 பவுண்டு 19 ஷில்லிங் 3 பென்ஸ் என்று கச்சிதமாகச் சமப்படுகின்றன. அந்தக் கச்சிதமே சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். அன்றிரவு பெல்லா கோஹனின் விபச்சார விடுதியில் அவர் கொடுத்த பணம் எங்கே? பட்டியலில் அது இல்லை. கண் மேலும் கீழும் ஓடி, விட்டுப்போன வரியைத் தேடிச் சலித்துக் கண்டுபிடிக்கிறது. ஒலியில் அந்தப் பட்டியல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கரைந்துபோகும் எண்களின் வரிசை. இருப்பதைத்தான் குரல் சொல்லும். இல்லாததைக் கவனிக்க, முழுப் பட்டியலும் ஒரே நேரத்தில் கண்முன் கிடக்க வேண்டும். அதனால் இத்தாக்காவைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள் என்பேன். முடிந்தால் கையில் பென்சிலும் இருக்கட்டும்.

கடைசி அத்தியாயத்தில்தான் எனக்குத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. புளூமின் மனைவி மோலி அரைத் தூக்கத்தில் நினைத்துக்கொண்டே போகும் எட்டு நீண்ட வாக்கியங்கள். நிறுத்தற்குறிகள் ஏறக்குறைய இல்லை. நாக்ஸோஸ் பதிப்பில் இதை மார்செல்லா ரியோர்டன் வாசிக்கிறார். மோலியின் நினைப்பில் ‘அவன்’ என்பது ஒரு கணம் கணவன், அடுத்த கணம் காதலன் பாய்லன், அதற்கடுத்து ஜிப்ரால்டரில் பழகிய இளைஞன். ஒரு சொற்றொடர் முன்னதோடு சேருமா, பின்னதோடு சேருமா என்பதை அச்சு சொல்வதில்லை. இரண்டோடும் சேர்த்து அதைத் தொங்கவிடலாம். வாசிப்பவரோ எங்காவது மூச்சு விட்டாக வேண்டும். விட்ட இடத்தில் பொருள் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஆனால் ஏளனம், சலிப்பு, திடீரென்று வரும் கனிவு எல்லாம் அடுத்தடுத்த நொடிகளில் ஒரே தொண்டையிலிருந்து வரும்போது, பக்கத்தில் குறியற்ற எழுத்துக் குவியலாகத் தெரிந்தது ஒரு பெண்ணாகவே ஆகிவிடுகிறது. எனவே இந்த அத்தியாயத்தை முதலில் கேட்டுவிடுகிறேன். பிறகு புத்தகத்தை எடுத்து, ரியோர்டன் மூச்சு விட்ட இடங்களில் விடாமல், வேறு இடங்களில் விட்டு வாசித்துப் பார்க்கிறேன்.